ரிட்டர்ன் எடுத்துப் போன மிக்ஸி, ‘தரச் சோதனையில் தோல்வி’ என்று திரும்பி வந்த கதை

ஆன்லைனில் பொருள் வாங்கி, பழுது என்று திருப்பி அனுப்பி, பணத்துக்காகக் காத்திருக்கிற யாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு 4,290 ரூபாய் கிட்டத்தட்ட ஏழு வாரம் முடங்கிக் கிடந்தது. பொருளைத் திருப்பிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்ததுதான் தப்பாகப் போயிற்று.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஜூன் 12-ஆம் தேதி 750 வாட்ஸ் மிக்ஸி ஒன்று வந்தது. மூன்று ஜார். வந்த அன்றைக்குப் பெட்டியைப் பிரித்து, ஜார்களை எண்ணிப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கப் போட்டபோது அரை நிமிஷத்தில் கருகிய வாடை. நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் மோட்டார் முனகியதே தவிர பிளேடு சுற்றவில்லை. அன்று சாயங்காலமே ஆப்பில் ரிட்டர்ன் கேட்டேன். மிக்ஸியின் அடிப்பக்க ஸ்டிக்கர் தெரிய ஒரு படமும், ஓடும் சத்தத்தோடு ஒரு வீடியோவும் கேட்டார்கள். இரண்டையும் ஏற்றினேன். அந்த ஸ்டிக்கர் படம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

16-ஆம் தேதி பொருளை எடுக்க ஒரு தம்பி வந்தார். கையிலிருந்த போனில் தெரிந்த படத்தோடு மிக்ஸியை ஒப்பிட்டார், ஜாரை எண்ணினார், வாரண்டி அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். “எல்லாம் சரியா இருக்கு அக்கா, ஓடிபி சொல்லுங்க” என்றார். சொன்னேன். பொருளைப் பெற்றுக்கொண்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது.

23-ஆம் தேதி இன்னொரு செய்தி: தரச் சோதனையில் நிராகரிக்கப்பட்டது, காரணம் சீரியல் எண் பொருந்தவில்லை, பணம் திருப்பித் தரப்படாது, பொருள் உங்களுக்கே அனுப்பப்படுகிறது. வேறு மிக்ஸியை மாற்றி அனுப்பிவிட்டேன் என்பதுதான் இதற்கு அர்த்தம். திருடி என்று யாரும் நேரில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வாசலில் நடக்கிற சோதனை வேறு, கிடங்கில் நடக்கிறது வேறு. வாசலில் பார்ப்பவர் உருவத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் ஒப்பிடுகிறார். கிடங்கில் இருப்பவர், அனுப்பும்போது கணினியில் பதிவான சீரியல் எண்ணும் பொருளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறார். அனுப்பும்போது பதிவாவது பெரும்பாலும் அட்டைப்பெட்டியின் வெளியே ஒட்டிய எண். பெட்டிக்குள் இருக்கிற மிக்ஸியின் அடியை அப்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆகவே தம்பி “சரியா இருக்கு” என்று சொன்னதும், ஓடிபி கொடுத்ததும், பொருளை நீங்கள் ஒப்படைத்தீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. எந்தப் பொருளை ஒப்படைத்தீர்கள் என்பதற்கு ஆகாது.

முதல் நான்கு நாள் சாட்டில் வீணாகப் போனது. ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து கதை, கடைசியில் “குழு முடிவெடுத்துவிட்டது” என்று புகாரை மூடிவிடுவார்கள். ஆனாலும் அந்த உரையாடல்களை எல்லாம் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள், ஆப்பிலிருந்து அவை காணாமல் போகலாம். இதற்கிடையில் என் மைனி, கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிக் கூப்பிடலாமே என்றாள். நல்ல வேளை, அண்ணன் தடுத்தான். பணம் வராமல் தவிக்கிறவர்களைப் பிடிக்கவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆப்புக்குள் இருக்கிற எண்ணையும் மின்னஞ்சலையும் தவிர வேறு எதற்கும் போகாதீர்கள்.

26-ஆம் தேதி பார்சல் திரும்பி வந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாதம். வாங்கினால் அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார் என் வீட்டுக்காரர். யோசித்துப் பார்த்தால், வாங்காவிட்டால் மிக்ஸியும் அவர்களிடம், பணமும் அவர்களிடம், நம் கையில் காட்ட ஒன்றுமே இருக்காது. அதனால் வாங்கினேன். வாங்கும் முன்பே “முடிவை ஏற்காமல், ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பார்சலின் ஆறு பக்கத்தையும், ஒட்டியிருந்த லேபிளையும் காட்டி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரித்தேன். திரும்பி வந்தது நம் பொருள்தானா என்பதே முதல் கேள்வி. என் விஷயத்தில் அதே மிக்ஸிதான் வந்தது, ஜாரில் தேங்காய்க் கறையோடு.

28-ஆம் தேதி பெட்டியோடு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வடசேரியில் இறங்கி, மிக்ஸி கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக் மிக்ஸியைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பார்த்தார், பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “அக்கா, பெட்டியில ஒரு நம்பர், மெஷின்ல வேற நம்பர். பேக் பண்ணும்போதே மாறிருக்கு” என்றார். பெட்டியின் எண் 2086 என்று முடிந்தது, மிக்ஸியின் எண் 2113. இரண்டும் ஒரே மாதத் தயாரிப்பு, இடையில் 27 மிக்ஸிதான் வித்தியாசம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. என் பக்கம் தப்பில்லை என்று முதல் முறையாக ஒருவர் சொன்னது அப்போதுதான். மோட்டார் காயில் பழுது, வெளி அடி எதுவும் இல்லை, மிக்ஸியின் எண் இது, பெட்டியின் எண் இது என்று ஜாப் ஷீட்டில் எழுதி முத்திரை வைத்துத் தரக் கேட்டேன். தந்தார்.

இப்போது கையில் இருந்ததைப் பாருங்கள். ஜூன் 14-இல் ஆப்பில் நான் ஏற்றிய படத்தில் 2113. 26-ஆம் தேதி பிரித்த வீடியோவில் 2113. 28-ஆம் தேதி ஜாப் ஷீட்டில் 2113. பழுது என்று சொன்ன நாளிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே மிக்ஸி, பெட்டி மட்டும் வேறு. 12-ஆம் தேதி பிரிக்கும்போது நான் வீடியோ எடுக்காதது ஓட்டைதான், அந்த இரண்டு நாளில் மாற்றியிருக்கலாமே என்று கேட்க இடம் உண்டு. ஆனால் அப்படி மாற்ற, அதே மாதம் அதே வரிசையில் தயாரான இன்னொரு மிக்ஸி என் வீட்டில் இருந்திருக்க வேண்டும். இதையும் கடிதத்தில் எழுதினேன்.

ஜூன் 30-ஆம் தேதி குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு நிறுவனமும் இந்த அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிகாரியின் விவரம் பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பிடியுங்கள். சாட்டில் பேசுகிறவருக்கு அந்தக் கடமை கிடையாது. அதனால்தான் நாலு நாள் வீணானது என்றேன்.

கடிதத்தில் கோபத்தை எழுதவில்லை, மூன்றே விஷயம் கேட்டேன். தரச் சோதனை அறிக்கையைப் படங்களோடு தாருங்கள்: எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எந்த எண்ணை எதிர்பார்த்தீர்கள், எந்த எண்ணைக் கண்டீர்கள். அடுத்து, விற்பனையாளரின் முழு முகவரி. வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தளம் அதைத் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. மூன்றாவது, பணம் கட்டிய கணக்கிலேயே முழுத் தொகை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது, அந்த வரியையும் சேர்த்தேன். எதிர்பார்த்த எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். அவர்கள் 2086 என்று எழுதிவிட்டால், அது என் வீட்டுப் பெட்டியில் ஒட்டியிருக்கிற எண் என்று நான் காட்டிவிடலாம்.

ஜூலை 9-இல் பதில் வந்தது. அறிக்கை உள் ஆவணம், தர இயலாது, முடிவு இறுதியானது. விற்பனையாளர் முகவரி மட்டும் கிடைத்தது. மறுநாளே 1915-க்கு அழைத்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். பதிவு எண் கொடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கிருந்து வந்த பதில்: நல்லெண்ண அடிப்படையில் 500 ரூபாய் கூப்பன். அதை ஏற்றால் புகார் தீர்ந்ததாக முடித்துவிடுவார்கள் என்று தோன்றியது, மறுத்துவிட்டேன். 1915 சமரசம் பேசுகிற இடம்தான், உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் அங்கே பதிந்த எண்ணும் நிறுவனத்தின் பதிலும் அடுத்த படிக்கு உதவும்.

கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் இதே நேரத்தில், கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுகிற சார்ஜ்பேக் கேட்டும் வங்கிக்கு எழுத வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு, நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள். நான் யுபிஐயில் கட்டியிருந்தேன்.

அடுத்த படி நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு நாகர்கோவில்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. அதற்கு முன்பாக ஜூலை 25-ஆம் தேதி தளத்துக்கும் விற்பனையாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினேன். அண்ணன் மகள் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தாள், ஒன்றரைப் பக்கம். மூன்று 2113-க்கும் படம், பெட்டியின் 2086-க்கு ஒரு படம், ஜாப் ஷீட் நகல், 15 நாள் கெடு. பணத்தோடு சர்வீஸ் சென்டர் போய் வந்த செலவையும் மன உளைச்சலுக்கு ஈடும் ஆணையத்தில் கேட்பேன் என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி குறைதீர் அதிகாரியின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மறுபரிசீலனை செய்திருக்கிறோம், மிக்ஸியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆப்பின் வாலட்டில் போடுகிறோம் என்றதற்கு, வேண்டாம், வங்கிக் கணக்கில்தான் என்றேன்.

7-ஆம் தேதி அதே தம்பிதான் எடுக்க வந்தார். இந்த முறை பையில் போடும் முன் மிக்ஸியைக் கவிழ்த்து அவர் கையிலேயே பிடிக்கச் சொல்லி, எண் தெரிய படம் எடுத்தேன். ஒரு தாளில் மிக்ஸியின் எண், பெட்டியின் எண், ரிட்டர்ன் பையின் எண், தேதி, நேரம் எழுதி அவரிடம் கையெழுத்துக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் போட்டார். “யாரும் இப்படிக் கேட்டதில்ல அக்கா” என்றார். தாளின் நகலைப் பெட்டிக்குள்ளும் வைத்து ஒட்டிய பிறகுதான் ஓடிபி சொன்னேன். 11-ஆம் தேதி 4,290 ரூபாய் கணக்கில் ஏறியது.