“ஃபுல்” விளக்கு எரியும், கரண்ட் நிற்காது: ஸ்பிரேயர் பேட்டரி சார்ஜர் வாங்குபவர்கள் படிக்கவும்

2,600 ரூபாய் போச்சு. சார்ஜர் 1,250, அது கொன்ற பேட்டரி 1,350. இப்போதுதான் சார்ஜரை விற்ற ஆளிடம் பேசிவிட்டு போனை வைத்தேன், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். மொட்டுப்புழுவுக்கு மருந்தடிக்க அப்பா முதுகில் மாட்டுகிற பேட்டரி ஸ்பிரேயர்தான் வைத்திருக்கிறார். உள்ளே 12 வோல்ட் 8 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி. கூட வந்த சார்ஜர் புகைந்து போனதால், எல்லாரும் வாங்குகிற ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் தேடினேன். கையால் அசெம்பிள் செய்து விற்கிற ஒருவர் போட்டிருந்தார்: “ஆப்-ஆம்ப் சார்ஜர், 0.8 ஆம்பியர் கரண்ட் லிமிட், 14.4 வோல்ட்டில் ஆட்டோ கட்-ஆஃப்.”

என்னை நம்ப வைத்தது அவருடைய வீடியோ. மேசையில் மீட்டர், பக்கத்தில் போர்டு. வோல்டேஜ் மெதுவாக ஏறுகிறது. 14.2, 14.3, சரியாக 14.4 வந்ததும் சிவப்பு அணைந்து பச்சை எரிகிறது. “பாத்துக்கோங்க சார், இதுக்கு மேல ஒரு சொட்டு கரண்ட் போகாது” என்று குரல் வேறு. போன் செய்து கேட்டேன், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாமா என்று. “தாராளமா தூங்குங்க சார், அதுக்குத்தானே கட்-ஆஃப்” என்றார். எண்ணும் சரி, பேட்டரி மேல் ஒட்டியிருக்கிற சீட்டும் அதையேதான் சொல்கிறது: தினமும் ஏற்றி இறக்குகிற உபயோகத்துக்கு 14.4 முதல் 15.0 வோல்ட், ஆரம்பக் கரண்ட் 2.4 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. பணத்தைக் கட்டினேன்.

பூ சீசன். அப்பா சாயங்காலம் மாட்டுவார், விடிகாலை கழற்றுவார். ஒரு நாள் கூப்பிட்டு, “ஏன் தம்பி, இதோட வயிறு வீங்கியிருக்கே” என்றார். பக்கவாட்டு பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் புடைத்து, ஸ்பிரேயரின் அடிப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே முடியவில்லை. தொட்டால் வெதுவெதுப்பு. அதைவிட எனக்கு உறைத்தது சார்ஜரில் டிரான்சிஸ்டர் மாட்டியிருந்த அலுமினியத் தகடு. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஆனால் தகடு சூடாக இருக்கிறது. கட் ஆகிவிட்டதென்றால் அது ஏன் சுடுகிறது?

மீட்டரை பேட்டரி மேல் வைத்தால் 15.5 வோல்ட். ஒயரை அவிழ்த்து நடுவில் மீட்டரை ஆம்ப்ஸில் போட்டால் 180 மில்லி ஆம்பியர். “ஒரு சொட்டு கூடப் போகாது” என்றாரே, அதுதான் இது. நிரம்பிய பேட்டரிக்குள் பத்து மணி நேரம் 180 மில்லி போனால் 1.8 ஆம்பியர்-அவர். அது இனி சேமிப்பாகாது, வாயுவாகவும் சூடாகவும்தான் போகும். இந்த சீல் செய்த பேட்டரியில் தண்ணீர் ஊற்றவும் வழியில்லை.

போர்டைத் திருப்பிப் பார்த்தேன். எல்எம்358, அதாவது இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டு வெளியீட்டை ஏற்றி இறக்குகிற ஆப்-ஆம்ப், ஒரே சில்லுக்குள் இரண்டு. ஒன்று பேட்டரி வோல்டேஜைக் குறிப்பு வோல்டேஜோடு ஒப்பிட்டு, 14.4 வந்ததும் வெளியீட்டை மேலே தூக்கும். அந்த வெளியீடு ஒரு ரெசிஸ்டர் வழியாக, பேட்டரிக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற டிஐபி127 டார்லிங்டன் டிரான்சிஸ்டரின் கட்டுப்பாட்டுக் காலான பேஸுக்குப் போகிறது. இது பிஎன்பி வகை. எமிட்டர் சப்ளையில் இருக்கும், பேஸ் அந்த சப்ளை வோல்டேஜுக்குக் கிட்டத்தட்ட சமமாக ஏறினால்தான் அணையும். இடைவெளி 1.2 வோல்ட் அளவு இருந்தாலே டார்லிங்டன் கடத்தத் தொடங்கிவிடும். ஆனால் எல்எம்358-ஆல் சப்ளை வரைக்கும் ஏற முடியாது, ஒன்றரை வோல்ட்டாவது கீழேயே நின்றுவிடும். இது அதன் தகவல் தாளிலேயே இருக்கிற விஷயம். போதாக்குறைக்கு அந்தப் பச்சை விளக்கையும் அதே வெளியீட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறார். அது எரிய எரிய வெளியீட்டை இன்னும் கீழே இழுக்கிறது. நான் அளந்தபோது சப்ளைக்கும் வெளியீட்டுக்கும் இடையில் 1.8 வோல்ட். பேஸ் கரண்ட் துளிதான், ஆனால் டார்லிங்டன் அதைப் பல நூறு மடங்காக்கிவிடும். கதவைச் சாத்திவிட்டேன் என்று அறிவிக்கிற விளக்கே கதவு இடுக்கில் கட்டையைச் செருகி வைத்திருக்கிறது.

சரிசெய்ய ஆகிற செலவைக் கேட்டால் வயிறு எரியும். பேஸுக்குப் போகிற பாதையில் 3.3 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்று, பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம் ஒன்று. அந்த 1.8 வோல்ட்டால் ஜீனரைத் தாண்ட முடியாது, டிரான்சிஸ்டர் முழுசாக அணைந்துவிடும். நானே போட்டுப் பார்த்தேன், 180 மில்லி பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. சில ரூபாய் பொருள். இதற்கு நான் கொடுத்த விலை 2,600 ரூபாய்.

இரண்டாவது ஆப்-ஆம்ப் கதை இன்னும் மோசம். கரண்ட் லிமிட் அதன் வேலை. பேட்டரிக்குப் போகிற கரண்ட் 0.47 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போக வேண்டும். 0.8 ஆம்பியர் ஆனால் அதன் குறுக்கே 0.38 வோல்ட் அளவு வரும், அதைப் பார்த்து ஆப்-ஆம்ப் டிரான்சிஸ்டரை அடக்கும். போர்டில் அந்த இடத்தில் “0.47” என்று அச்சு இருக்கிறது, ரெசிஸ்டர் இல்லை! ஒரு தடித்த கம்பியை வளைத்துப் பற்றவைத்திருக்கிறார். கம்பியின் குறுக்கே வோல்டேஜ் ஏது? ஆப்-ஆம்ப் எதைப் பார்த்து அடக்கும்? காலியான வேறொரு பேட்டரியை மாட்டினால் எடுத்த எடுப்பில் 3 ஆம்பியர் இழுத்தது.

போன் செய்தேன். முதலில், “பேட்டரி பழசா இருக்கும் சார்.” பில்லை அனுப்பினேன், புதுசு. அடுத்து, “பச்சை எரிஞ்சுதுல்ல? அப்ப கட் ஆயிடுச்சு சார்.” 180 மில்லி காட்டுகிற மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். “உங்க மீட்டர்ல எரர் இருக்கும்.” கம்பியைப் பற்றிக் கேட்டதும்தான் உண்மை வந்தது: “அந்த ரெசிஸ்டர் சூடாவுதுன்னு கஸ்டமருங்க கம்ப்ளெய்ன்ட் சார், அதான் லிங்க் போட்டுட்டோம்.” பெரிய வாட் ரெசிஸ்டர் போட வேண்டியதுதானே? பதில் இல்லை. “நீங்க போர்டுல சால்டர் வெச்சுட்டீங்க, வாரண்டி போச்சு” என்று முடித்துவிட்டார். தளத்தில் புகார் போட்டால், திருப்பி அனுப்பும் காலம் முடிந்தது, விற்பனையாளரை அணுகவும் என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது. விற்பனையாளர் தளத்தைக் கேள் என்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். 2,600 ரூபாய் வருமா, தெரியாது. அப்பா இப்போது பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் ஸ்பிரேயர் இரவல் வாங்கி அடிக்கிறார்.

நிதானமாக ஒரு வழிகாட்டியே எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்கள். விளக்கு மாறுகிற வீடியோவை நம்பாதீர்கள், பச்சை எரிந்த பிறகு ஓடுகிற கரண்டைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியதும், திருப்பி அனுப்பும் காலம் முடியும் முன்பே, காலி பேட்டரியில் ஆரம்பக் கரண்டை அளந்துவிடுங்கள். மீட்டர் ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகுங்கள், இல்லையென்றால் ஃபியூஸ் போகும். பச்சை எரிந்து அரை மணி கழித்தும் தகடு சுட்டால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். புடைத்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே போடாதீர்கள்.