எக்ஸ்ஆர், எக்ஸ்நார், நார்: பூஜ்ஜியத்தில் உறையும் ரெஜிஸ்டருக்கு எந்த மருந்து?

தன் பிட்டுகளிலிருந்தே அடுத்த பிட்டைக் கணக்கிட்டு உள்ளே தள்ளும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர்தான் எல்எஃப்எஸ்ஆர். 4 பிட் எல்எஃப்எஸ்ஆர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளாக்குக்கும் பிட்டுகள் வலப்பக்கம் ஓர் இடம் நகரும். 3-வது, 4-வது பிட்டுகளை எக்ஸ்ஆர் செய்த விடை இடது ஓரத்தில் நுழையும். 1000-இல் தொடங்கினால் 0100, 0010, 1001, 1100 என்று ஓடி, 15 நிலைகளைத் தொட்டுவிட்டு மறுபடி 1000-க்கே வரும். 4 பிட்டுக்கு 16 நிலைகள் உண்டே, விட்டுப்போனது எது? 0000. இரண்டு பூஜ்ஜியங்களின் எக்ஸ்ஆர் பூஜ்ஜியம்தான் என்பதால், உள்ளே நுழைவதும் பூஜ்ஜியம். அதிலிருந்து மீளவே முடியாது. எத்தனை பிட் போட்டாலும் இதே கதைதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சுற்றில் ஒவ்வொரு நிலைக்கும் முந்தைய நிலை ஒன்றே ஒன்றுதான். 0000-க்கு முந்தையதும் 0000தான். ஆகவே ஒழுங்காக ஓடும் ரெஜிஸ்டர் தானாகப் போய் அதில் விழாது. தொடக்க மதிப்பு பூஜ்ஜியமாக இருந்தாலோ, மின் இரைச்சலில் பிட் புரண்டாலோதான் ஆபத்து. வெளியீடு 0 ஆகவே நிற்பது அதற்கு அடையாளம்.

தப்பிக்க மூன்று வழிகள்:

```verilog
fb = q3 ^ q4;                    // xor
fb = ~(q3 ^ q4);                 // xnor
fb = q3 ^ q4 ^ ~(q1 | q2 | q3);  // xor + nor
```

முதலாவதில் சுற்றை மாற்றாமல், பூஜ்ஜியமல்லாத தொடக்க மதிப்பைக் கொடுத்துவிடுகிறோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சி/ஏ குறியீடு இப்படித்தான்: இரண்டு 10 பிட் ரெஜிஸ்டர்களும் எல்லாம் 1 என்ற நிலையில் தொடங்கும், 1023 பிட்டுக்கு ஒரு சுழற்சி. மென்பொருளில் எழுதுபவர்களுக்கும் இதுவே போதும். சென்சாரிலிருந்தோ கடிகாரத்திலிருந்தோ மதிப்பை எடுத்தால் மட்டும், 0 வந்தால் 1 ஆக்கும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்நாரில் பூட்டு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்: இப்போது 1111 உறையும், 0000 சாதாரண நிலை. தேவையான சுற்றும் கிட்டத்தட்ட அதே அளவுதான். எஃப்பிஜிஏவில் ஃபிளிப்-ஃபிளாப்புகள் பெரும்பாலும் 0-இல்தான் விழிக்கும் என்பதால், அங்கே என் ஓட்டு இதற்கே. ஆனால் ஓட்டத்தின் நடுவில் இரைச்சல் 1111-க்குத் தள்ளிவிட்டால் இதுவும் கைகொடுக்காது.

மூன்றாவதுதான் பூட்டையே உடைக்கிறது. கடைசிப் பிட் தவிர மற்றவை எல்லாம் 0 ஆனால், நார் கேட் 1 தந்து விடையைத் திருப்பிவிடும். அதனால் 0001 நேராக 1000-க்குப் போகாமல் 0000-க்குப் போய், அங்கிருந்து 1000-க்கு வரும். 16 நிலைகளும் கிடைக்கும், எந்த நிலையில் விழித்தாலும் ஓடும். ஆனால் 32 பிட் ரெஜிஸ்டருக்கு 31 உள்ளீடுள்ள நார் வேண்டும். கிளாக் வேகம் அடிவாங்கும். நேரியல் தன்மையும் போய்விடுவதால், அதை நம்பி வேலைசெய்யும் ஜிபிஎஸ் போன்ற இடங்களுக்கு ஒத்துவராது. ஒரு சிப்பின் உள்ளீடுகளுக்கு எல்லா வடிவங்களையும், 0000 உட்பட, கொடுத்துச் சோதிக்க வேண்டுமென்றால் இதுவே போதும், வேறு வழி தேடத் தேவையில்லை.