மூன்று வருடமாக நான் ஓட்டும் டென்னிஸ் கேம் கணக்கு

சுங்கை சிப்புட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எனக்கு டென்னிஸ் நேரம். பணம் எதுவும் வைப்பதில்லை. பந்தயச் சந்தையில் போடும் மொத்த கேம் எண்ணும், ஒருவர் மற்றவரை எத்தனை கேம் முந்த வேண்டும் என்று வைக்கும் ஹேண்டிகேப்பும் எவ்வளவு சரி என்று, நானே எழுதிய எக்ஸெல் தாளில் ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்து வருகிறேன்.

தாளுக்குள் போடுவது இரண்டே எண்தான்: ஒவ்வொருவரும் தான் சர்வ் போடும் கேம்களில் எத்தனை சதவீதம் ஜெயிப்பார் என்பது, அதாவது ஹோல்ட் சதவீதம். இருவரும் 80 என்றால் ஒரு செட் 6-6 ஆகி டை-பிரேக்குக்குப் போகும் வாய்ப்பு 22 சதவீதம், சராசரி நீளம் 10.2 கேம். இருவருக்கும் 90 கொடுத்தால் டை-பிரேக் 38-க்கு ஏறும். இரண்டு எண்ணும் சேர்ந்து உயர்ந்தால் ஆட்டம் நீளும். இருவருக்கும் நடுவில் இடைவெளி கூடினால் ஹேண்டிகேப் அகலும்.

முதல் வருடம் நான் ஏமாந்தது சராசரியில். 80-க்கு 80, மூன்று செட் ஆட்டம். பாதி வாய்ப்பில் இரண்டு செட்டிலேயே முடியும், அது 20 கேம் சொச்சம். மீதிப் பாதி மூன்று செட், 30 கேம் சொச்சம். சராசரி 25.5 என்று வரும். ஆனால் முடிவுகள் அந்த இடத்தில் குவிவதில்லை, இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில்தான் அந்த எண் கிடக்கிறது. அதனால் இப்போது சராசரியைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு ஸ்கோருக்கும் வாய்ப்பைக் கூட்டி, சந்தை போட்ட எண்ணுக்கு மேல் எவ்வளவு, கீழ் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறேன்.

ஹேண்டிகேப்பைப் புரிய வைத்தது ஒட்டுக்கடையில் தம்பி கேட்ட கேள்வி. “அண்ணே, 6-4, 3-6, 7-6ன்னு ஜெயிச்சவன் மைனஸ் 3.5-ல ஏன் தோத்தான்?” காகிதத்தில் கூட்டிக் காட்டினேன். இவர் 16, அவர் 16. மைனஸ் 3.5-ஐத் தாண்ட நான்கு கேமாவது மிச்சம் வேண்டும், ஜெயித்தவருக்கு ஒரு கேம்கூட மிச்சம் இல்லை! டை-பிரேக் எத்தனை பாயிண்ட் இழுத்தாலும் ஒரே கேம்தான். ஹேண்டிகேப்பைத் தாண்ட வைப்பது எதிராளியின் சர்வில் பறிக்கும் கூடுதல் கேம், அதாவது பிரேக், அதிலும் இரண்டே செட்டில் முடித்தால்தான் சுலபம்.

இன்னும் என்னைப் படுத்துவது ஒன்று. எந்த நாளிலும் ஒருவரின் ஹோல்ட் சதவீதம் மாறாது என்று தாள் நம்புகிறது. ஒருவர் ஒரு செட்டை ஜெயிக்கும் வாய்ப்பு 65 சதவீதம் என்றால், 2 × 0.65 × 0.35, அதாவது மூன்றாவது செட்டுக்கு 45.5. ஆனால் அவர் நல்ல நாளில் 80, மோசமான நாளில் 50 என்று ஆடுபவராக இருந்தால்? சராசரி அதே 65தான், மூன்றாவது செட் வாய்ப்போ 41. தாள் இப்படித்தான் மொத்த கேமை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். காயத்திலிருந்து திரும்பியவர், களிமண் தரைக்குப் புதிதாக வந்தவர் ஆடும் ஆட்டங்களில் இது நன்றாகத் தெரியும். அப்புறம்தான் ஒரே ஹோல்ட் எண்ணைப் போடுவதை விட்டேன். நல்ல நாள், மோசமான நாள் என்று இரண்டு தடவை ஓட்டி, இரண்டு விடைகளையும் சேர்த்துப் பாதியாக்கிக் கொள்கிறேன்.