ஃபீஸ் ஷீட்டில் சிவப்பு வரிசை: ரொம்ப நாள் பயன்படுத்திய பிறகு

வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவர், ஃபீஸ் ஷீட்டில் கெடு தாண்டியவர்களைச் சிவப்பாகக் காட்டும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடலாமா, நம்பலாமா என்று கேட்டார். போடுவது ஐந்து நிமிட வேலை. நம்பலாமா என்பதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

என் ஷீட் சாதாரணமானது. A-யில் பெயர், B-யில் கெடு தேதி, C-யில் கட்டவேண்டிய தொகை, D-யில் இதுவரை கட்டியது. ரூல் இதுதான்:

```
=AND($B2<>"",$B2<TODAY(),$D2<$C2)
```

எக்செலானாலும் கூகுள் ஷீட்ஸானாலும் இதே ஃபார்முலா ஓடும். A2-லிருந்து D-யின் கடைசி வரிசை வரை தேர்ந்தெடுத்துவிட்டுப் போட வேண்டும். தேர்வு இரண்டாம் வரிசையில் தொடங்கினால் ஃபார்முலாவிலும் இரண்டுதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவருடைய பாக்கிக்கு அடுத்தவர் பெயர் சிவக்கும். எழுத்துக்கு முன்னால் இருக்கும் டாலர் குறியை விட்டுவிட்டால் முழு வரிசைக்குப் பதில் ஏதோ ஓரிரு செல்லில் மட்டும் நிறம் வரும். `$B2<>""` எதற்கு என்றால், காலி செல்லை இது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பூஜ்யம் என்றைக்கும் இன்றைய தேதியைவிடச் சிறியது, அதனால் கெடு எழுதாதவர்கள் எல்லோரும் கடன்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இதில் எனக்கு உண்மையாகவே பிடித்தது, யாரும் தொடாமலே ஷீட் மாறுவது. நேற்று வெள்ளையாக இருந்த வரிசை இன்று திறந்தால் சிவப்பாக நிற்கிறது. பாதி கட்டியவர் சிவப்பிலேயே இருக்கிறார், மீதியை D-யில் சேர்த்த நொடியில் நிறம் போய்விடுகிறது. நோட்டில் தேதி பார்த்துப் பார்த்து பென்சிலால் வட்டம் போட்ட காலத்துக்கு நான் திரும்பப் போகமாட்டேன்.

ஆனால் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. சிவப்பாக இருக்கும் வரிசைகளைப் பற்றி எனக்குப் பெரிதாகப் புகார் இல்லை. வெள்ளையாக இருப்பவைதான் பிரச்சினை. வெள்ளை என்றால் 'கட்டிவிட்டார்' அல்லது 'கெடு வரவில்லை' என்றுதான் நாம் படிக்கிறோம். இந்த ரூலைப் பொறுத்தவரை வெள்ளைக்கு மூன்றாவதாக ஒரு அர்த்தமும் உண்டு: 'நீ எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை'. இதை அது வாய் திறந்து சொல்வதே இல்லை. சாதாரண செல்லில் ஃபார்முலா தடுமாறினால் `#VALUE!` என்று முகத்தில் அடித்தாற்போல் காட்டும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் பிழை வந்தால் 'பொய்' என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

எங்கள் ஷீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவருக்குக் கட்டணம் 12000. அவர் 8000 பணமாகக் கொடுத்தார். பதிவு செய்தவர் நல்ல எண்ணத்தில் D-யில் '8000 பணமாக' என்று எழுதினார். கெடு தாண்டியும் வரிசை வெள்ளை. காரணம், அந்த வார்த்தை சேர்ந்ததும் அது எண் இல்லை, எழுத்து. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது என்பது இந்த மென்பொருள்களின் கணக்கு. ஆகவே '8000 பணமாக' 12000-ஐவிடப் பெரியது, அவர் முழுசாகக் கட்டிவிட்டார்! இங்கே பிழைகூட வரவில்லை, தவறான விடைதான் வந்தது. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை இடித்தபோதுதான் 4000 பாக்கி வெளியே வந்தது. அவரும் கேட்கவில்லையே என்று சும்மா இருந்திருக்கிறார், அவர்மேல் என்ன குற்றம்?

தேதியிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. ஷீட்டின் வட்டார அமைப்பு மாதத்தை முதலில் வைப்பதாக இருந்து, நாம் நாளை முதலில் எழுதினால், 25/06/2025 என்பதை அது தேதியாகவே ஏற்காது. 25-ஆவது மாதம் கிடையாதே. அது எழுத்தாகவே கிடக்கும், இன்றைய தேதியைவிட என்றும் பெரியதாக இருக்கும், எத்தனை வருடம் ஆனாலும் சிவக்காது. 05/06/2025 என்று எழுதினால் அதை மே 6 என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் முன்னாலேயே சிவப்பைக் காட்டும். அதாவது பாக்கி வைத்தவர் தப்பித்துக்கொள்வார், கெடுவுக்குள் இருப்பவருக்கு நினைவூட்டல் போகும். சம்பந்தமே இல்லாதவரிடம் பணம் கேட்டு நிற்கும் சங்கடம் நமக்கு.

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தேதியும் எண்ணும் தாமாகவே செல்லின் வலது ஓரம் ஒதுங்கும், எழுத்து இடது ஓரம். யாராவது அழகுக்காக நெடுவரிசையை நடுவில் நிறுத்தியிருந்தால் அந்தத் தடயமும் போச்சு. அதனால்தான் இரண்டாவதாக ஒரு மஞ்சள் ரூல் கட்டாயம் வேண்டும் என்கிறேன்:

```
=AND($A2<>"",OR(NOT(ISNUMBER($B2)),
 NOT(ISNUMBER($C2)),ISTEXT($D2)))
```

பெயர் இருந்து, தேதி தேதியாக இல்லை அல்லது தொகை எண்ணாக இல்லை என்றால் வரிசை மஞ்சளாகும். '8000 பணமாக' அன்றைக்கே மாட்டியிருக்கும். இதை ரூல் பட்டியலில் சிவப்புக்கு மேலே வைக்க வேண்டும், ஏனென்றால் C-யில் எழுத்து கலந்திருந்தால் முழுசாகக் கட்டியவரும் சிவப்பாகிவிடுவார், மேலே இருக்கும் ரூலின் நிறம்தான் ஜெயிக்கும். நாளும் மாதமும் இடம் மாறியதை மட்டும் மஞ்சளாலும் பிடிக்க முடியாது, அது ஒழுங்கான தேதிதானே. அதற்கு ஷீட்டின் அமைப்பில் வட்டாரத்தைச் சரியாக்கிவிட்டு, B நெடுவரிசையை மாதப் பெயரோடு தெரியும்படி வைத்துவிட்டேன். '06-மே' என்று தெரிந்தால் எழுதும்போதே உறுத்தும். ஏற்கெனவே எழுதிய தேதிகள் தாமாகத் திருந்தாது, அவற்றைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, காப்பி பேஸ்ட். வேறு இடத்திலிருந்து ஒரு வரிசையை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் அதன் பழைய வடிவமும் கூடவே வந்து, அந்த வரிசையில் ரூலைத் துரத்திவிடும். ரூல் பட்டியலைத் திறந்தால் A2:D140 என்று இருந்தது A2:D60, A62:D140 என்று உடைந்திருக்கும், 61-ஆவது வரிசையில் இருப்பவர் இனி எப்போதுமே வெள்ளை. மதிப்பை மட்டும் ஒட்டினால் இந்தத் தொல்லை வராது, ஆனால் நாலு பேர் கை வைக்கும் ஷீட்டில் இதை யாரிடம் எத்தனை முறை சொல்வது? மாதம் ஒரு முறை பட்டியலைத் திறந்து எல்லை ஒரே துண்டாக இருக்கிறதா என்று பார்ப்பதை நானே வேலையாக வைத்துக்கொண்டேன்.

ஆக, நண்பருக்கு என் பதில்: இத்தனை நாள் ஓட்டிவிட்டேன், இனியும் எடுக்கப்போவதில்லை, ஆனாலும் சிவப்பு ரூலை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தால் போடவே வேண்டாம். அதற்கு வாரம் ஒரு முறை C-யின் கூட்டையும் D-யின் கூட்டையும் கையால் ஒப்பிட்டுப் பார்ப்பதே மேல்.