கெழுக்களின் குறி போதுமா, ரௌத் அட்டவணை வேண்டுமா?

வெண்ணாற்றில் ஒரு ரெகுலேட்டர், நீர்மட்டத்தைப் பார்த்துத் தானாக ஏறி இறங்கும் ஷட்டர் என்று வைத்துக்கொள்வோம். மட்டம் மாற நேரமாகும்; மட்டமானிக்கும் மோட்டாருக்கும் ஆளுக்கொரு முதற்படிப் பின்னடைவு. ஒரு மணி, அரை மணி என்று எடுத்தால், மட்டப் பிழைக்கான சிறப்பியல்புச் சமன்பாடு இப்படி அமையும்:

s³ + 3s² + 2s + k = 0

இதில் k என்பது ஷட்டர் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்பதன் அளவு. மூலங்களைத் தேடாமல் இது நிலைக்குமா என்று எப்படிச் சொல்வது?

முதல் வழி, குறியைப் பார்ப்பது. நிலைக்க, மூலங்களின் மெய்ப்பகுதிகள் எல்லாம் எதிர்மறையாக வேண்டும்; அப்படி இருந்தால், கோவை (s + a), (s² + bs + c) போன்ற நேர்க்கெழுக் காரணிகளாகப் பிரியும். பெருக்கினால் எல்லாக் கெழுவும் நேராகத்தான் வரும். ஆகவே ஒரு கெழு எதிராகவோ பூச்சியமாகவோ இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் மறுதலை இரண்டாம் படி வரைதான் செல்லும். பலர் சறுக்குவது இங்கேதான். k = 10 என்று வையுங்கள்: கெழுக்கள் 1, 3, 2, 10. எல்லாம் நேர். நிலைக்குமா?

ரௌத் 1877-இல் தந்த அட்டவணையைப் போட்டுப் பார்ப்போம்.

```
s^3 |  1     2
s^2 |  3     10
s^1 | -4/3
s^0 |  10
```

மூன்றாம் வரி (3·2 − 1·10)/3. முதல் நிரலில் குறி 3-இலிருந்து −4/3-க்கு ஒரு முறை, 10-க்கு இன்னொரு முறை மாறுகிறது. அதாவது கலப்பெண் தளத்தின் வலப்பக்கத்தில், மெய்ப்பகுதி நேராக, இரண்டு மூலங்கள். அவற்றின் மெய்ப்பகுதி சுமார் 0.155, அலைவின் வீச்சு நாலரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். k < 6 என்றால்தான் நிலைக்கும். k = 6-இல் மூன்றாம் வரியே பூச்சியமாகும்; அப்போது மேல்வரி தரும் 3s² + 6 = 0-இலிருந்து, s = ±i√2 என்ற ஓயாத அலைவு கிடைக்கிறது.

ஹுர்விட்ஸ் 1895-இல் தந்த அணிக்கோவைகளும் இதே எல்லையைத்தான் தரும். இரண்டாவது அணிக்கோவை 3·2 − k நேராக வேண்டும். அளவுருவை எழுத்தாகவே வைத்திருக்கும்போது இது சுருக்கம். நான்காம் படிக்கு, s⁴ + a₁s³ + a₂s² + a₃s + a₄ என்று எழுதி, எல்லாக் கெழுவும் நேர் என்றால், a₁a₂a₃ > a₃² + a₁²a₄ என்ற ஒரே நிபந்தனை போதும். அதற்கு மேல், கையால் போடுவதென்றால் ரௌத்தைத்தான் எடுப்பேன்: பிழை வந்தால் எந்த வரியில் என்று தெரியும், வலப்பக்க மூலங்களின் எண்ணிக்கையும் கிடைக்கும்.

ஆனால் அலைவு எவ்வளவு வேகமாக அடங்கும் என்று மூன்றுமே சொல்லாது. k = 5 தேறிவிடும்; அப்படியும் மெய்ப்பகுதி −0.05 அளவில்தான் இருக்கிறது, அலைவு பாதியாகவே சுமார் 14 மணி ஆகும். s = p − 0.2 என்று நகர்த்தி, புதிய கோவைக்கு அட்டவணை போட்டால் வேகமும் பிடிபடும்.

இன்னொன்று. மேலே ஷட்டரைத் திறந்து, தண்ணீர் கால்வாயில் நடந்து கடைமடை வந்துசேரும் தாமதத்தையும் சேர்த்தால், சமன்பாட்டில் e^(−sτ) நுழைந்துவிடும். அது பல்லுறுப்புக்கோவையே அல்ல. அங்கே அட்டவணை செல்லாது. நைக்விஸ்ட் வரைபடம் போன்ற வேறு வழி வேண்டும்.