ஒரு குர்த்தி படத்துக்கு எத்தனை கிரெடிட்? பத்து மாதக் கணக்கு

ஈரோட்டில் சின்னதாக ஒரு துணிக்கடை நடத்துகிறேன். குர்த்தி, நைட்டி, கொஞ்சம் சேலை. செவ்வாய்ச் சந்தையில் சரக்கு எடுத்தால் புதன்கிழமைக்குள் படம் வாட்ஸ்அப்பில் போயாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த கடைக்காரர் அதே டிசைனைப் போட்டுவிடுவார். முன்பெல்லாம் டம்மிக்கு மாட்டிப் படம் எடுத்து, பக்கத்துத் தெரு ஸ்டுடியோத் தம்பியிடம் கொடுத்துப் பின்னணியை வெட்டி வாங்குவேன். பத்து மாதம் முன்பு, டம்மி படத்தைக் கொடுத்தால் மாடல் அந்தத் துணியை உடுத்திய மாதிரி மாற்றித் தரும் ஏ.ஐ. சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். இந்த வகையில் எதை எடுத்தாலும் கணக்கு போடும் முறை இதேதான்.

விலைப் பக்கத்தில் மாதம் 20 டாலர், 600 கிரெடிட் என்று இருந்தது. ஜி.எஸ்.டி., வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கி பிடிப்பது எல்லாம் சேர்ந்து என் கணக்கில் கழிந்தது சுமார் 2,100 ரூபாய். ஆக ஒரு கிரெடிட் மூன்றரை ரூபாய். உடை மாற்ற 4 கிரெடிட், வந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்க 2 கிரெடிட். ஒரு படத்துக்கு 21 ரூபாய், மாதம் நூறு படம். தம்பி ஒரு படத்துக்கு 60 ரூபாய் வாங்குவார். பேப்பரில் போட்டுப் பார்த்தபோது மனசு குளிர்ந்துவிட்டது.

முதல் மாதம் 600 கிரெடிட்டும் தீர்ந்தபோது கையில் இருந்தது 41 படம். ஒரு படம் 51 ரூபாய்.

காசு எங்கே போனது என்று வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து எண்ணினேன். 41 படத்தைப் பெரிதாக்க 82 கிரெடிட். மீதியில் 129 முறை உடை மாற்றம். ஒரு படத்துக்கு மூன்று தடவைக்கு மேல். இதில் என் முட்டாள்தனமும் உண்டு: ஒரு முறை அழுத்தினால் எத்தனை படம் வர வேண்டும் என்ற அமைப்பு, வாங்கியபோதே 4 என்று வைக்கப்பட்டிருந்தது. ஒரு அழுத்துக்கு 16 கிரெடிட். நாலு படம் சும்மா தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒன்று என்று மாற்றியதுதான் நான் செய்த முதல் சிக்கனம். இன்னொன்று, சர்வர் கோளாறால் படம் வராமல் போனால் கிரெடிட் திரும்பி வரும். படம் வந்து, அதில் கழுத்து டிசைன் வேறாக இருந்தால் வராது. அது நம் செலவு.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். என்ன துணி, எத்தனையாவது தடவையில் சரியாக வந்தது, அவ்வளவுதான் எழுதினேன். மூன்று மாதம் எழுதியதும் விஷயம் தெளிவாகிவிட்டது. பிளெயின் குர்த்தியும் சாதா நைட்டியும் சராசரி 1.3 தடவையில் வந்துவிடுகின்றன. படம் ஒன்று 25 ரூபாய். உடம்பு முழுக்கச் சின்னப் பூப்போட்ட பிரிண்ட் குர்த்திக்கு, வரும்வரை விடாமல் அழுத்தினால் 3.4 தடவை, அதாவது சுமார் 55 ரூபாய். பார்டர் சேலையைச் சராசரியில் சேர்க்கவே முடியாது, பாதிக்கு மேல் வரவே இல்லை.

சேலையில் என்ன கெடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். பார்டரின் அகலத்தைப் பாருங்கள். இரண்டு அங்குல பார்டர் இடுப்புக்குக் கீழே நாலு அங்குலம் ஆகியிருக்கும், தோளில் மறுபடி இரண்டாகியிருக்கும். புட்டாவை எண்ணுங்கள், ஒரு வரிசையில் ஐந்து இருந்தால் அடுத்ததில் மூன்று. சரிகை மஞ்சள் பெயிண்ட் அடித்த மாதிரி தட்டையாக இருக்கும். முந்தானை டிசைனை அதுவே கற்பனை செய்துகொள்ளும். மயில்கழுத்து நிறம் வந்தால் கதை முடிந்தது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையுமாக மாறி மாறித் தெரிவதுதான் அந்த நிறம். படத்தில் அது வெறும் பச்சையாகிவிடும். இப்படிப் பார்டர் பெருத்த ஒரு படத்தை நான் கவனிக்காமல் அனுப்பி, சேலம் வாடிக்கையாளர் ஒருவர் "படத்துல இருந்த பெரிய பார்டர் எங்கம்மா?" என்று திருப்பி அனுப்பினார். இரண்டு பக்கக் கூரியர் செலவும் என் தலையில். அந்த ஒரு சேலை அன்றைய எல்லாப் படங்களின் மிச்சத்தையும் தின்றுவிட்டது.

இப்போது முக்கியமான கேள்வி: எந்த இடத்தில் நிறுத்தி, தம்பியிடம் கொடுப்பது? முதலில் நான் நினைத்தது, 60 ரூபாய் வரும்வரை அழுத்தலாம் என்று. மூன்று தடவைக்கு 42 ரூபாய், இன்னும் லாபம்தானே என்று. அது தப்புக் கணக்கு. மூன்றும் வீணானால் 42 போய், தம்பிக்கு 60 கொடுத்து, மொத்தம் 102 ஆகிவிடுகிறது. போன காசு போனதுதான். அடுத்த அழுத்து அதன் 14 ரூபாய்க்குத் தகுமா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

அதை இப்படிப் போட்டேன். அடுத்த தடவையில் படம் சரியாக வந்தால் தம்பிக்குக் கொடுக்கும் 60 மிச்சம், பெரிதாக்க 7 செலவு, ஆக 53 ரூபாய் லாபம். அந்த வாய்ப்புக்கு நான் கட்டுவது 14. பதினாலை ஐம்பத்து மூன்றால் வகுத்தால் 0.26. நாலில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலாக வாய்ப்பு இருந்தால்தான் அழுத்தலாம்.

நோட்டில் பிரிண்ட் குர்த்திகளைப் பார்த்தேன். 22 உருப்படியில் முதல் தடவையிலேயே 9 வந்தன. மீதி 13-இல் இரண்டாவது தடவையில் 5. இதுவரை பரவாயில்லை. எஞ்சிய 8 உருப்படிகளுக்குப் பிறகு ஒவ்வொரு அழுத்துக்கும் ஐந்தில் ஒன்றுதான் வந்தது. எதிர்பார்க்கக்கூடிய லாபம் 53-இல் ஐந்தில் ஒரு பங்கு, பத்தரை ரூபாய். கட்டுவது 14. நஷ்டம். ஒவ்வொரு அழுத்தும் புதிதாகச் சீட்டுப் போடுவது மாதிரி என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் இரண்டு தடவை கெட்ட படம் ஏதோ காரணத்தால் கெட்டிருக்கிறது, அந்தக் காரணம் மூன்றாவது தடவையிலும் அங்கேயேதான் இருக்கும். அதனால் பிரிண்டுக்கு இரண்டு தடவை, அதோடு சரி. சேலைக்குப் பத்தில் ஒன்றுதான் முதல் தடவையில் வருகிறது, எனவே அழுத்துவதே இல்லை.

தம்பியிடமிருந்து வருவது மாடல் போட்ட படம் இல்லை, டம்மியின் கழுத்தை எடுத்து வெள்ளைப் பின்னணியில் வைத்த படம்தான். குர்த்திக்கு அது கொஞ்சம் மவுசு குறைவு, மறுக்கவில்லை. சேலை வாங்குபவர்களோ பார்டரைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.

ஒரே டிசைன் ஆறு நிறத்தில் வரும்போது கணக்கு இன்னும் மாறுகிறது. ஏ.ஐ.க்கு ஒவ்வொரு நிறமும் புதுப் படம், புதுச் செலவு. தம்பிக்கு அப்படி இல்லை. போட்டோஷாப்பில் துணியை மட்டும் தனியாகச் சுற்றி மாஸ்க் போடுவதில்தான் வேலை முழுக்க இருக்கிறது. அதற்கு 40 ரூபாய் வாங்குகிறார். மாஸ்க் வந்துவிட்டால் சாயலை நகர்த்தி நிறம் மாற்றுவது இரண்டு நிமிடம், நிறத்துக்கு 15 ரூபாய். பிரிண்ட் குர்த்திக்கு ஏ.ஐ.யில் ஆறு நிறமும் எடுத்தால் 330. ஏ.ஐ.யில் ஒரே ஒரு நல்ல படம் எடுத்துத் தம்பியிடம் கொடுத்தால் 55, மாஸ்க் 40, ஐந்து நிறத்துக்கு 75, மொத்தம் 170. பிளெயினுக்கு 150-க்கு எதிராக 140, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிரிண்டில், தம்பி நிறம் மாற்றினால் ஆறு படத்திலும் பூ ஒரே இடத்தில் இருக்கும். ஏ.ஐ.யில் எடுத்தபோது சிவப்பில் தோளில் இருந்த பூ பச்சையில் காணாமல் போய், "அக்கா, இது வேற டிசைனா?" என்று கேள்வி வந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: வெள்ளையிலிருந்து அரக்கு, கறுப்பிலிருந்து இளம் நிறம் இந்த முறையில் சரியாக வராது. சாயலை நகர்த்த அங்கே நிறமே இல்லை. "நடு நிறமா ஒண்ணு எடுத்துக் கொடுங்கக்கா" என்று தம்பி முதல் நாளே சொல்லிவிட்டார். நிறத்தைச் சரிபார்க்க, படம் எடுக்கும்போது துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைக்கிறேன். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் துணியின் நிறமும் பொய்.

தடவைகளைக் குறைக்க நான் கண்ட ஒரே உருப்படியான வழி இஸ்திரி. சுருக்கத்தை ஏ.ஐ. டிசைன் என்று எடுத்துக்கொள்கிறது, அல்லது பூவை மடிப்புக்குள் விழுங்கிவிடுகிறது. துப்பட்டாவையும் டம்மியின் மேல் போடாமல் தனியாக எடுக்கிறேன், இல்லையென்றால் டாப்போடு ஒட்டி ஒரே துணியாகிவிடும். ஏ.ஐ.க்குக் கொடுக்கும் கட்டளையை விதவிதமாக எழுதிப் பார்த்ததில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

சந்தாவா, தேவைக்கு வாங்கும் கிரெடிட்டா என்பதும் இந்த நோட்டிலிருந்தே தெரிந்தது. சந்தா கிரெடிட் மாதக் கடைசியில் காலாவதி. தனியாக வாங்கினால் ஒன்று நாலரை ரூபாய், ஒரு வருடம் இருக்கும். 2,100-ஐ நாலரையால் வகுத்தால் 467. மாதம் அதற்குக் குறைவாகச் செலவானால் சந்தா நஷ்டம். ஒரு மாதம் 200-கூட ஆகவில்லை, அந்த மாதச் சந்தாவில் ஒரு கிரெடிட் பத்து ரூபாய்க்கு மேல் விழுந்தது.

தீபாவளிக்கு இப்போது 80 டிசைன் வந்திருக்கிறது, நிற வகைகள் தனி. பிளெயின் 46, பிரிண்ட் 22, சேலை 12. பிளெயினுக்கு 331 கிரெடிட். பிரிண்ட் இரண்டு தடவைக் கணக்கில் 35 அழுத்து, வரக்கூடிய 14 படத்தைப் பெரிதாக்குவதையும் சேர்த்து 168. மொத்தம் 499. எனவே இந்த மாதம் சந்தா. தேறாத 8 பிரிண்டும் 12 சேலையும் தம்பிக்கு, 1,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 3,300, ஒரு படம் 41 ரூபாய். சேலைகளை நாளைக் காலை கொடுத்துவிடுவேன், பிரிண்டில் எட்டுக்குப் பதில் பத்து வந்தாலும் அதே விலைக்கு வாங்கிக்கொள்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். தீபாவளி முடிந்த மறுநாளே சந்தாவை நிறுத்திவிட்டு, பொங்கல் வரை தனிக் கிரெடிட்டில் ஓட்டுவதாக உத்தேசம்.