கார்டில் பணம் போனால் வங்கிக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்: ஊரில் பார்த்தது

சிங்கப்பூரிலிருந்து கும்பகோணம் வந்திருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9:40க்கு என் என்.ஆர்.ஓ. கணக்கின் டெபிட் கார்டில் ரூ.18,640 போனதாகக் குறுஞ்செய்தி வந்தது. யாரோ வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியிருக்கிறார்கள். கார்டு என் கையில்தான் இருந்தது, ஓ.டி.பி.யும் வரவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓ.டி.பி. இல்லாமலேயே பணம் எடுக்க முடியும்.

உடனே கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் பேசி பிளாக் செய்தேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் புகார் எண்ணை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். அதைக் குறிப்பிட்டு அன்றிரவே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கும் பேசிப் பதிவு செய்தேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. தவறு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழாவது நாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நம் தலையில் விழும். ஏழு தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. நம் கிளையின் விடுமுறைகளும் சேராது. மறுநாள் இரண்டாவது சனி என்பதால் எனக்குத் திங்கள்தான் முதல் நாள். வியாழன் வரை விட்டிருந்தால் பத்தாயிரம் போயிருக்கும்.

திங்களன்று கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர், "பணத்தைத் திருப்பித் தரவும்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க சார், போதும்" என்றார். போதாது. நான் எழுதியது இது: கார்டின் கடைசி நான்கு எண், தொகை, கடையின் பெயர், குறுஞ்செய்தி வந்த நேரம், பிளாக் செய்த நேரம், புகார் எண். அப்புறம், "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதி தரவில்லை. கார்டு என்னிடமே உள்ளது. பின் நம்பர், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் சொல்லவில்லை." கடைசியில் சுற்றறிக்கையின் தேதியைச் சொல்லி, பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கக் கேட்டேன்.

எப்படிப் போயிருக்கும் என்ற ஊகங்களைச் சேர்க்கவில்லை. தெரிந்ததை மட்டும், உள்ளபடி எழுத வேண்டும். ஓ.டி.பி. சொல்லியிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. அப்போது புகார் செய்யும்வரை போனது நம் நஷ்டம், அதன் பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் புகார் கொடுத்த நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன்.

கெடு முடிவதற்குள் பணம் கணக்கில் வந்துவிட்டது. விசாரணையை முடிக்க வங்கிக்கு 90 நாள் உண்டு. நம் பொறுப்பை நிரூபிப்பதும் வங்கியின் வேலைதான்.